27 ஃபிரேமில் விரியாத வலை

கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்றங்கரையில் ஒருவர் வீச்சு வலை போடுவதைச் சில மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகிற வழிதான். உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி விட்டாரென்றால், தோளில் துணி மூட்டை மாதிரி கிடந்தது காற்றில் வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக்குண்டுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தண்ணீரில் விழும். இதைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் வேலை என்று நினைத்தேன், மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் என்ன தப்பு செய்தேன், கடைசியில் எது சரியாக வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் நான் செய்தது, பெரும்பாலானவர்கள் செய்வதுதான். போனில் 4கே-யில், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எடிட்டிங் ஆப்பில் வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, கூடவே இருந்த 'ஸ்மூத்' பட்டனையும் தட்டிவிட்டேன். 4கே அல்லவா, வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரியும் என்று நினைப்பு. வந்ததைப் பார்த்தால் மனிதர் நன்றாக இருக்கிறார், பின்னால் இருக்கிற படகு நன்றாக இருக்கிறது, வலை மட்டும் பாயாசத்தில் கிடக்கிற சேமியா மாதிரி குழைந்து குழைந்து நகர்கிறது. மறுநாள் அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வலை விரியுதா உருகுதா?" என்றார்.

ஏன் உருகியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே போதும். வலை கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை சுமார் 0.9 நொடி. 30 ஃபிரேம் வேகத்தில் அதற்குள் கேமரா எடுத்தது 27 படம். எட்டு மடங்கு மெதுவாக்கி, திரையிலும் 30 ஃபிரேமாகவே ஓட்ட வேண்டுமென்றால் 216 படம் வேண்டும். மீதி 189 படத்தை சாஃப்ட்வேர் தானாகக் கற்பனை செய்துதான் போட்டாக வேண்டும், வேறு வழி இல்லை.

அந்தக் கற்பனையை அது மூன்று விதமாகச் செய்யும். இருக்கிற படத்தையே எட்டு முறை திரும்பக் காட்டுவது ஒன்று, அப்போது படம் தத்தித் தத்தி நகரும். முன்படத்தையும் பின்படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக மங்கலாகக் கலப்பது இரண்டாவது, அப்போது ஒரு கைக்கு இரண்டு கை ஆவி மாதிரி தெரியும். மூன்றாவதுதான் ஆப்டிகல் ஃப்ளோ. முதல் படத்தில் இங்கே இருந்த புள்ளி அடுத்த படத்தில் எங்கே போயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, இடையில் எங்கெங்கே இருந்திருக்கும் என்று கணித்து வரைவது. 'ஸ்மூத்' பட்டன் என்பது பெரும்பாலும் இதுதான். மூன்றிலும் இதுதான் கெட்டிக்கார வழி. வலையிடம் படுதோல்வி அடைவதும் இதுதான்.

காரணம் வலையின் குணத்திலேயே இருக்கிறது. வலை என்பது ஒரே மாதிரியான கண்கள், வரிசையாக, நூற்றுக்கணக்கில். அவருடைய வலையில் ஒரு கண் சுமார் 2 சென்டிமீட்டர். பின்னால் 240 ஃபிரேமில் எடுத்த கிளிப்பில் ஓரத்து ஈயக்குண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தேன், 3 மீட்டர் போக 144 ஃபிரேம் எடுத்தது, அதாவது 0.6 நொடி. ஆக நொடிக்கு 5 மீட்டர் வேகம். 30 ஃபிரேமில் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வலையின் ஓரம் 16 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், எட்டுக் கண் தூரம். இப்போது சாஃப்ட்வேர் இடத்தில் நீங்கள் இருந்து பாருங்கள். முதல் படத்தில் ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டு, அது அடுத்த படத்தில் எங்கே என்று தேடினால், பக்கத்திலேயே அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு கண் இருக்கிறது. "இதுதான் அது, அரைக் கண் தூரம்தான் நகர்ந்திருக்கிறது" என்று முடிவு செய்துவிடும். பக்கத்து இடத்தில் வேறு முடிவு. வலையின் ஒரு பகுதி முன்னால் போக, இன்னொரு பகுதி நிற்க, நடுவில் உள்ளது இழுபட்டுக் குழையும். ஓடுகிற மாட்டு வண்டிச் சக்கரம் வீடியோவில் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதே ஏமாற்றுத்தான் இது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்தது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கிற பொருள், இரண்டு படங்களுக்கு நடுவில் தன் ஒரு கண்ணின் அளவில் பாதிக்கு மேல் நகர்ந்தால், ஆப்டிகல் ஃப்ளோ அதை நம்பிக்கையாகப் பின்தொடர முடியாது. கம்பி வேலி, கொசுவலை, கட்டம் போட்ட லுங்கி, தண்ணீர்த் துளிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். மனித முகமோ படகோ அப்படி இல்லை. அவற்றில் ஒரு இடம் மாதிரி இன்னொரு இடம் இருக்காது, அதனால்தான் அவர் நன்றாக இருந்தார், வலை மட்டும் உருகியது.

சரி, அப்படியென்றால் நிஜமாகவே அதிக ஃபிரேமில் எடுப்போம் என்று இரண்டாம் நாள் ஸ்லோ மோஷன் மோடுக்குப் போனேன். என் போனில் அது 1080பி, 240 ஃபிரேம். 4கே-யில் ஏன் 240 இல்லை என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பெருக்கிப் பார்த்தபோது எரிச்சல் தணிந்தது. 4கே ஒரு படம் 3840 x 2160 பிக்ஸல், அதை நொடிக்கு 60 என்று வைத்தால் ஏறக்குறைய 50 கோடி பிக்ஸல். 1080பி ஒரு படம் 1920 x 1080, அதை 240-ஆல் பெருக்கினாலும் அதே 50 கோடிதான், ஒரு பிக்ஸல் கூடக் குறையாது. சென்சாரிலிருந்து வாசித்து, நிறம் சேர்த்து, சுருக்கி, சேமிப்பில் எழுதுகிற அந்தக் குழாயின் அளவு ஒன்றுதான். அதில் பெரிய படமாகக் கொஞ்சம் விடலாம், அல்லது சின்ன படமாக நிறைய விடலாம். 2024-ல் வந்த ஐபோன் 16 ப்ரோ 4கே-யில் 120 எடுக்கிறது என்றால் அந்தக் குழாயை இரண்டு மடங்காக அகலமாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2018-ல் வந்த கேலக்ஸி எஸ்9-இல் 960 ஃபிரேம் இருந்தது. ஆனால் 720பி-யில், அதுவும் ஒரு தடவைக்கு 0.2 நொடிதான். குழாய் தாங்காததால் சென்சாரோடு ஒட்டியிருக்கிற நினைவகத்தில் அவ்வளவையும் அவசரமாகக் கொட்டிவைத்து, பிறகு மெதுவாக எடுத்து எழுதுவார்கள். 0.9 நொடி வலைக்கு 0.2 நொடி என்றால் கால்வாசி கூடக் கிடைக்காது, அதுவும் சரியான கணத்தில் பட்டனைத் தட்டினால்தான்.

இரண்டாம் நாள் நான் போனது மாலை ஆறு மணிக்கு. வெளிச்சம் மஞ்சளாக அழகாக இருந்தது, அதில்தான் ஏமாந்தேன். நொடிக்கு 240 படம் என்றால் ஒரு படத்துக்கு ஷட்டர் அதிகபட்சம் 240-இல் ஒரு பங்கு நொடிதான் திறந்திருக்க முடியும். வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் போன் அந்த எல்லை வரை ஷட்டரைத் திறந்து வைத்து, அதுவும் போதாமல் வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை ஏற்றியது. நொடிக்கு 5 மீட்டர் போகிற வலை அந்த நேரத்துக்குள் 2 சென்டிமீட்டர் நகரும், அதாவது சரியாக ஒரு கண் அளவு. ஒரு கண் அடுத்த கண்ணின் இடத்துக்குப் போகிற வரை ஷட்டர் திறந்திருந்தால் படத்தில் என்ன இருக்கும்? வலைக்குப் பதில் சாம்பல் நிறப் புகை. அதன் மேல் இருட்டின் பொறிப் பொறியான இரைச்சல், அந்த இரைச்சலைச் சுருக்கப் போய்க் கட்டம் கட்டமான படம். முதல் நாள் சேமியா, இரண்டாம் நாள் கொசு மருந்துப் புகை.

அவருக்கும் அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. நனைந்த வலை கனம். "நீ பாட்டுக்கு இன்னொரு வாட்டி இன்னொரு வாட்டின்னா தோள் என்னுதுப்பா" என்றார். நியாயம்தான். அதனால் மூன்றாம் நாளுக்கு முன்னால் வீட்டிலேயே போனைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்தச் சோதனை யாரும் செய்யலாம், பைசா செலவில்லை. தமிழ் நாளிதழ் ஒன்றை மொட்டை மாடிச் சுவரில் வெயிலில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளிப் போனை ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு மோடிலும் ஐந்து ஐந்து நொடி எடுத்தேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை நிறுத்திப் பெரிதாக்கி, எழுத்துகளின் தலையில் இருக்கிற புள்ளியைத் தேடினேன். 4கே 60-இல் எல்லாப் புள்ளியும் இருந்தது. சாதாரண 1080பி 30-இல் தேடினால் கிடைத்தது. 1080பி 240-இல் சின்ன எழுத்துச் செய்திகளில் புள்ளி காணோம், 'க்'-உம் 'க'-வும் ஒன்றாகிவிட்டன. அதுவும் 1080, இதுவும் 1080, அளவு ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல. சாதாரண மோடில் போன் முழுச் சென்சாரையும் வாசித்து அழகாகச் சுருக்குகிறது. 240-இல் ஒரு படத்தை 4 மில்லி நொடிக்குள் வாசித்து முடிக்க வேண்டியிருப்பதால் அவ்வளவையும் வாசிக்க நேரமில்லை. சில போன்கள் பக்கத்துப் பிக்ஸல்களைச் சேர்த்து ஒன்றாக்கும், சில போன்கள் வரிசைகளை விட்டுவிட்டு வாசிக்கும், சில ஓரங்களை வெட்டிவிடும். வரிசையை விடுகிற போன்தானா என்று கண்டுபிடிக்க ஜன்னல் கொசுவலையைப் படம் எடுத்துப் பாருங்கள். சாய்வுக் கோடுகள் படிக்கட்டு மாதிரி உடைந்து, வலையின் மேல் ஊதாவும் பச்சையுமாக அலை அலையாக நிறம் ஓடினால் அதுதான். என் போனில் லேசாக ஓடியது.

கூடவே நண்பன் ஒருவனின் போனையும் பார்த்தோம், அதில் 960 என்று போட்டிருந்தது. நிஜமா என்று பார்க்கக் கடுகை ஒரு கை அள்ளி வெயிலில் கேமரா முன்னால் தூவச் சொன்னேன் (அவன் அம்மா திட்டியது தனிக் கதை). கிளிப்பை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால், நாலாவது படத்துக்கு ஒரு தடவை எல்லாக் கடுகும் பளிச்சென்று இருந்தது, நடுவில் உள்ள மூன்றில் கடுகு நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, சில காணாமலே போய்த் திரும்ப வந்தன. எடுத்தது 240, மீதியை வரைந்து கொடுக்கிறது. எல்லாப் படத்திலும் கடுகு ஒரே மாதிரி தெளிவாக இருந்தால்தான் நிஜ 960.

வீட்டுக்குள் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட்டும் மலிவு எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், 240-இல் அது அப்பட்டமாகத் துடிக்கும். வெயிலுக்கு வாருங்கள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. வெயில் பக்கவாட்டில் வலை மேல் விழுகிற மாதிரி நின்றுகொண்டேன். நல்ல வெயிலில் போனின் அகலமான லென்ஸுக்கு வெளிச்சம் தேவைக்கு மேலேயே கிடைக்கும், அதனால் ஷட்டர் தானாகவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கீழே போய்விடும். அப்போது வலை நகர்வது அரை சென்டிமீட்டருக்குள்தான், கண் கண்ணாகவே நிற்கும். படத்தின் அகலத்துக்குள் 8 மீட்டர் வருகிற மாதிரி தள்ளி நின்றேன். 1920 பிக்ஸலை 8 மீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு வலைக் கண்ணுக்கு 5 பிக்ஸல் கிடைக்கும். இதற்கு மேல் தள்ளிப்போனால் கண் மறைந்து அந்த ஊதா பச்சை அலைதான் மிஞ்சும். கிட்டே வந்தால் விரிந்த வலை படத்துக்குள் அடங்காது. 4கே-யாக இருந்தால் 10 பிக்ஸல் கிடைத்திருக்கும், ஆனால் 60 ஃபிரேம்தான். இதுதான் மொத்தப் பேரமும்.

நாலு வீச்சு கேட்டு வாங்கினேன். முதல் மூன்றும் 240-இல், நாலாவது 4கே 60-இல். போனைப் படுக்கையாகப் பிடித்ததற்குப் பிறகு வருத்தப்பட்டேன். அக்கா மகன் ஸ்டேட்டஸுக்கு நெட்டையாக வேண்டும் என்றான், படுக்கையாக எடுத்த 1080-ஐ நெட்டையாக வெட்டினால் மிஞ்சுவது 608 பிக்ஸல் அகலம், அதில் வலையும் பாதிதான். எதற்காக எடுக்கிறோமோ அந்த வாக்கிலேயே பிடியுங்கள், 240-இல் வெட்டி எடுக்க மிச்சம் எதுவும் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கோப்பில் நிஜமாக என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நான் கணினியில் ffmpeg என்கிற இலவசக் கருவியை வைத்துப் பார்த்தேன், கீழே இருப்பவை அதற்குத் தட்டுகிற கட்டளைகள். சில போன்கள் 240 என்றே எழுதி வைக்கும், சில போன்கள் ஏற்கெனவே மெதுவாக்கி 30 என்று எழுதிவிடும். இரண்டாவது வகையை மறுபடி எட்டு மடங்கு இழுத்தால் திரும்ப முதல் நாள் கதைதான்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,avg_frame_rate -of default=nw=1 valai240.mp4
```

என்னுடையது 240-ஐ ஒட்டி வந்தது, துல்லியமாக 240 அல்ல, போன்களில் அப்படித்தான் இருக்கும். அதை எட்டு மடங்கு இழுக்க இது போதும், இதில் சாஃப்ட்வேர் ஒரு படத்தைக்கூடக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, இருப்பதை அகலமாக அடுக்குகிறது:

```
ffmpeg -i valai240.mp4 -vf "setpts=8*PTS" -r 30 -an -crf 16 valai_slow.mp4
```

வீடியோ எடிட்டரில் செய்பவர்கள் 30 ஃபிரேம் டைம்லைனில் இதைப் போட்டு வேகத்தை 12.5 சதவீதம் என்று வைக்க வேண்டும். அப்படியே போட்டு ஓட்டினால் சாதாரண வேகத்தில்தான் ஓடும், எட்டில் ஏழு படத்தைத் தூக்கிப் போட்டுவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாள் 4கே 30 கிளிப்பை ஆப்டிகல் ஃப்ளோ மாதிரியே நகர்வைக் கணித்து வரைகிற முறையிலும் ஒரு தடவை ஓட்டினேன். ஆப்பைக் குறை சொல்லக் கூடாது அல்லவா, அதனால் வேறு கருவியில்:

```
ffmpeg -i valai30.mp4 -vf "minterpolate=fps=240:mi_mode=mci,setpts=8*PTS" -r 30 -an valai_flow.mp4
```

ஒரு நொடி கிளிப்புக்கே டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக ஓடும். முடிவில் அதே சேமியா, கொஞ்சம் நெய் கூட.

4கே 60 வீச்சு எதிர்பார்த்ததைவிட உதவியது. அதை 30-இல் ஓட்டினாலே இரண்டு மடங்கு நிஜ ஸ்லோ மோஷன், கற்பனையே கிடையாது, பத்திரிகைப் புள்ளி தெரிகிற அதே தெளிவு. அவர் உடம்பைச் சுற்றுகிற இடம், முகம், மணிக்கட்டில் கயிறு இழுபடுவது எல்லாம் அதிலிருந்தே எடுத்தேன். ஒரு இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு மடங்கு ஆப்டிகல் ஃப்ளோ போட்டேன், முகத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை. வலை கையை விட்ட பிறகு முழுக்க 240. கடைசி வீடியோ 1080பி-யில்தான் வைத்தேன். 240 துண்டை 4கே ஆக்கி ஊதினால் 4கே துண்டுக்குப் பக்கத்தில் அதன் சோகை இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டையும், உருகினதையும் விரிந்ததையும். விரிந்ததை ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை போடச் சொன்னார், மூன்றாவது தடவை திரையில் விரலை வைத்து, "நிறுத்து, இங்க பாரு" என்றார். 150-ஆவது ஃபிரேம் வாக்கில் இடது ஓரத்தில் ஒரு மடிப்பு விரியாமலே இருந்தது, இரண்டு ஈயக்குண்டு ஒன்றோடொன்று சிக்கி ஒரே குண்டாகப் போய் விழுகின்றன. மூன்று வீச்சிலும் அதே இடம். "அந்தப் பக்கமா மடவை தப்பிப் போவுதுன்னு எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். உருகின கிளிப்பில் அதே ஓரத்தைத் தேடினோம். அங்கே சாஃப்ட்வேர் அந்த மடிப்பைப் பக்கத்து வலையோடு சேர்த்து இழுத்து, வட்டமாக, ஒழுங்காக வரைந்து வைத்திருந்தது.

வலையை மடியில் போட்டு ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு முழம் தாண்டியதும் கை நின்றது. அங்கே ஒரு குண்டின் நூல் நைந்து தொங்கிக்கொண்டிருந்தது.